ஹெல்ப் சென்டருக்கு எந்தத் தேடல்?

பிரிண்டர் நிறுவனம் ஒன்றின் ஹெல்ப் சென்டர் தளத்தில் இருவர் தேடுகிறார்கள். ஒருவர் டைப் செய்வது 5B00. சில கேனன் பிரிண்டர்களில் கழிவு இங்க்கை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டால் தோன்றும் பிழை எண் இது. மற்றவர் "பேப்பர் மாட்டிக்கொண்டது" என டைப் செய்கிறார். தளத்தில் இதற்கான கட்டுரையின் தலைப்போ "பேப்பர் ஜாம்".

கீவேர்ட் தேடல் எழுத்துக்களை அப்படியே ஒப்பிடும். எனவே 5B00 உடனே கிடைக்கும். இரண்டாமவருக்கு, பேப்பர் என்ற சொல் உள்ள பக்கங்கள் எல்லாம் வந்து குவியும்.

வெக்டர் தேடல் வாக்கியத்தின் பொருளை எண்களாக மாற்றி, நெருக்கமானதைத் தரும். இதில் ஜாம் கட்டுரை கிடைத்துவிடும். ஆனால் 5B00 கேட்டவருக்கு 5200 பற்றிய பக்கம் முதலில் வரலாம். தளத்தில் விடையே இல்லாவிட்டாலும் ஏதோ ஒன்றை நீட்டும் பழக்கமும் இதற்கு உண்டு!

ஹைப்ரிட் முறையில் இரண்டிலும் தேடி, இடங்களை வைத்து மதிப்பெண் தருவார்கள். இடத்துடன் 60ஐக் கூட்டி, 1ஐ அதனால் வகுக்க வேண்டும். 5B00 பக்கம் கீவேர்டில் 1, வெக்டரில் 5ஆவது இடம் என்றால் 1/61 + 1/65, அதாவது சுமார் 0.032. வெக்டரில் மட்டும் முதலில் வந்த 5200க்கு 0.016தான்.

தேடுவோர் பிழை எண்ணும் மாடல் எண்ணும் மட்டுமே தருகிறார்கள் என்றால் கீவேர்டே போதும். வாக்கியங்களும் கலந்து வந்தால் ஹைப்ரிட் வேண்டும். வெக்டரை மட்டும் நம்புவது இங்கே சரிவராது.