பட்டியலில் இருந்தும் தேடலில் வராத பெயர்கள்: வியட்நாமிய எழுத்தின் சிக்கல்

வியட்நாம் போரில் இறந்தவர்களின் கல்லறைகளை அவர்களது குடும்பங்கள் இன்றும் தேடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பற்றி எழுதுவதற்காக, கல்லறைப் பெயர்ப்பட்டியல்கள் இரண்டை ஒரே கோப்பாக இணைத்தேன். அந்நாட்டில் மிகப் பரவலான குடும்பப்பெயர் Nguyễn. ஒரு சிறு பைதன் நிரலால் அதைத் தேடினேன். முதற்பட்டியலின் பெயர்கள் வந்தன. இரண்டாவதில் இருந்து ஒன்றுகூட வரவில்லை. ஆனால் அந்தப் பெயர் அதில் வரிக்கு வரி இருந்தது.

கோளாறு நடுவில் உள்ள ễ என்ற எழுத்தில். அதில் e, அதன் மேல் உயிரொலியை மாற்றும் கூரைக்குறி, அதற்கும் மேல் தொனியைக் காட்டும் அலைக்குறி என மூன்று பகுதிகள் உண்டு. யுனிகோடில் இதை ஒரே குறியீடாக எழுதலாம் (U+1EC5). மூன்றையும் தனித்தனியாக அடுத்தடுத்தும் எழுதலாம் (U+0065, U+0302, U+0303). ê என்பதை ஒன்றாக வைத்து, தொனிக்குறியை மட்டும் பிரித்தும் எழுதலாம். திரையில் மூன்றும் ஒன்றுபோலவே தெரியும். நமது 'கொ'வும் இப்படித்தான்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் வரும், இரண்டு குறிகளாகவும் வரும்.

மூன்றாவது வழி பழைய விண்டோஸ் குறிமுறையான 1258இலிருந்து வந்தது. அதிலிருந்த 256 இடங்களுக்குள் எல்லாத் தொனியெழுத்துகளையும் அடக்க முடியாததால், தொனிகளைத் தனிக்குறிகளாக வைத்தார்கள். எனது இரண்டாவது பட்டியல் அந்த வகை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்: கண்ணுக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் Nguyễn, len கட்டளைக்கு முதற்பட்டியலில் 6, இரண்டாவதில் 7. முழுதும் பிரித்து எழுதியிருந்தால் 8 வந்திருக்கும். நிரல் குறியீட்டு எண்களை ஒப்பிடுகிறதே தவிர உருவத்தைப் பார்ப்பதில்லை.

வரிசைப்படுத்தியபோது இன்னும் மோசம். முழுதும் பிரித்த வடிவம் e உடன் நிற்கும். ஒன்றாக எழுதியது எண் பெரிதாக இருப்பதால் z-க்கும் பின்னால் போய்விடும். ஒரே குடும்பப்பெயர் பட்டியலின் வெவ்வேறு இடங்களில் சிதறிக் கிடக்கும்.

தீர்வு, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது:

```
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
```

பட்டியலுக்கு மட்டும் இதைச் செய்தால் போதாது, தேடும் சொல்லுக்கும் செய்யவேண்டும். நான் முதலில் அதை மறந்து, வேறொரு கோப்பிலிருந்து பிரதிசெய்த சொல்லால் தேடி மறுபடியும் ஏமாந்தேன். அகரவரிசை சரியாக அமைய, இதற்குப் பிறகு வியட்நாமிய மொழிக்குரிய வரிசை விதியையும் பயன்படுத்த வேண்டும்.

இதனால் தீராத ஒன்றும் இருக்கிறது. Hòa என்ற பெயரைச் சிலர் Hoà என்று எழுதுவார்கள். தொனிக்குறியை o மேல் இடுவதா, a மேல் இடுவதா என்பதில் இரு வழக்கங்கள் உண்டு. யுனிகோடுக்கு இவை வேறுவேறு சொற்கள். NFC இவற்றை ஒன்றாக்காது. அப்படிப்பட்ட பெயர்களை இரண்டு விதமாகவும் எழுதித்தான் தேடினேன்.