மோட்டார் வீடு – 9: பாதி வழியில் நின்ற திரை

தானாக ஓடும் திரைச்சீலை பாதி வழியில் நின்றால் பழி முதலில் மோட்டார் மேல்தான் விழும். 4 மீட்டர் அகல ஜன்னல் கொண்ட ஒரு வீட்டில், பழுது பார்த்த டெக்னீஷியன் உரிமையாளருக்கு எழுதிக்கொடுத்த குறிப்பு வேறு விதமாகத் தொடங்குகிறது: "மோட்டார் நன்றாக இருக்கிறது. சேனல் ஜாயின்ட்டில் ரன்னர் தட்டுகிறது."

பெல்ட் ரன்னரை இழுக்கும் விதம் சென்ற வாரமே வந்துவிட்டது. மோட்டார் திணறும்போது உள்ளே நடப்பதுதான் இந்த வாரத்துக்கு உரியது.

சுழலும் மோட்டார் தானே ஒரு மின்னழுத்தத்தை உண்டாக்கி, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. 1838-இல் நேவா நதியில் மின்படகு ஓட்டிக்காட்டிய யாக்கோபி ஆராய்ந்த விஷயங்களில் இதுவும் ஒன்று. கம்பிச்சுருளின் மின்தடை 6 ஓம் உள்ள 24 வோல்ட் மோட்டாரை எடுத்துக்கொண்டால், ஓடும்போது எதிர் அழுத்தம் 19 வோல்ட் போல இருக்கும். எஞ்சிய 5 வோல்ட்டுக்கு 0.8 ஆம்பியர்தான் பாயும். சுழற்சி நின்ற நொடியில் எதிர்ப்பு மறைந்து 4 ஆம்பியர் பாயும். மின்னோட்டம் 5 மடங்கானால் சுருளில் சூடு 25 மடங்கு. கன்ட்ரோலர் உடனே மின்சாரத்தைத் துண்டிப்பது சுருள் கருகாமல் இருக்கத்தான்.

இந்தத் திணறலையே பல கன்ட்ரோலர்கள் அளவுகோலாகவும் வைத்துக்கொள்கின்றன என்பது அருமையான ஏற்பாடு. சேனலின் கோடியில் தனி சுவிட்ச் கிடையாது. ரன்னர் முட்டி மின்னோட்டம் எகிறும் இடமே கோடி. ஆனால் நடுவழியில் முட்டினாலும் அதே எகிறல்தான். இரண்டையும் பிரித்தறிய கன்ட்ரோலருக்கு வழியில்லை. இந்த வீட்டில் கரண்ட் போய் வந்தபின் எல்லையைப் புதிதாகக் கற்ற மோட்டார், 2 மீட்டரில் இருந்த ஜாயின்ட்டையே கோடி என்று பதித்துக்கொண்டது. திரை நின்ற விதமே இதைக் காட்டிக்கொடுத்தது. தடையில் முட்டும் திரை வெட்டென்று நிற்கும். எல்லை என்று நம்பிய இடத்தில் வேகம் குறைந்து மெல்ல நிற்கும். இங்கே மெல்ல நின்றது.

டெக்னீஷியன் பிளக்கைப் பிடுங்கி, திரையைக் கழற்றி, பெல்ட்டிலிருந்து விடுவித்த ரன்னரைக் கையால் தள்ளினார். ஜாயின்ட் வரை வழுக்கிக்கொண்டு போன ரன்னர் அங்கே 'டக்' என்றது. விரல் நகத்தால் தடவினால் ஒரு துண்டு அரை மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. பின்னால் சேர்த்த கனமான வெயில்மறைப்புத் துணியின் பாரம் ஒரு காரணம். ஜாயின்ட் அருகே பிராக்கெட் இல்லாதது மற்றொன்று. புதிதாக ஒரு பிராக்கெட் அடித்து, இரு துண்டுகளையும் மட்டம் சேர்த்து முடுக்கி, விளிம்பின் பிசிறை அரத்தால் தேய்த்தார். ஒரு துணியில் சிலிக்கோன் ஸ்பிரே தெளித்து சேனலைத் துடைத்தார். எண்ணெயோ கிரீஸோ போட்டால் தூசி ஒட்டிக் களிம்பாகிவிடும். கடைசியாகப் பழைய எல்லையை அழித்து மறுபடி கற்க விட்டதும் திரை முழு 4 மீட்டரும் ஓடியது.

நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் மாறினால் சேனலை விட்டு அடாப்டரையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் பார்க்க வேண்டும். இந்த வாரத்துக்குச் சொல்லியிருந்த ரிமோட் இணைப்பு, அடுத்த இதழில்.