முழு ஆண்டு உழைத்தும் கைக்கு வராத வேரியபிள் பே

ஆஃபர் லெட்டர் மின்னஞ்சலில் வந்ததும் பெரும்பாலோர் நேராகப் போவது கடைசிப் பக்கத்தில் இருக்கும் சம்பள அட்டவணைக்குத்தான். அடிப்படைச் சம்பளம், வீட்டு வாடகைப் படி, நிறுவனத்தின் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி என்று வரிசையாக வந்து, அதற்குக் கீழே ‘வேரியபிள் பே’ என்று ஒரு வரி இருக்கும். எல்லாம் கூட்டி சி.டி.சி. 12 லட்சம் என்று தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள். வீட்டில் சொல்வதும், அடுத்த நிறுவனத்தோடு பேரம் பேசுவதும் அந்தத் தொகையை வைத்துத்தான்.

ஆனால் வேரியபிள் பே எப்போது கைக்கு வரும், எப்போது வராது என்பது அந்த அட்டவணையில் இருக்காது. சில பக்கங்கள் முன்னால், விடுப்பு விதிகளுக்கும் ரகசியக் காப்பு விதிகளுக்கும் நடுவே, ஒரே ஒரு வாக்கியமாக இருக்கும். அதன் சாரம் இதுதான்: தொகை வழங்கப்படும் தேதியில் நீங்கள் நிறுவனத்தின் பணியாளர் பட்டியலில் இருக்க வேண்டும், ராஜினாமா செய்து நோட்டீஸ் பீரியடில் இருக்கக் கூடாது.

படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த வாக்கியம் என்ன செய்கிறது என்று புரிய, வேரியபிள் பே நகரும் காலவரிசையைப் பார்க்க வேண்டும். நம் நாட்டு ஐ.டி. நிறுவனங்கள் பலவற்றில் ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு மதிப்பீட்டு ஆண்டு. மார்ச் 31-ஓடு அந்த ஆண்டுக்கான உழைப்பு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அப்ரைசல், மேலாளரின் ரேட்டிங், நிறுவனத்தின் லாபத்தைப் பொறுத்து எத்தனை சதவீதம் தருவது என்ற முடிவு. எல்லாம் முடிந்து பணம் ஜூன், ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதச் சம்பளத்தோடு வரும். உழைப்பு முடிந்த நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே இப்படி மூன்று, நான்கு மாதங்கள் ஓடிவிடுகின்றன. அந்த ஒற்றை வாக்கியம் உட்கார்ந்திருப்பது இந்த இடைவெளியில்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண் என்று வைத்துக்கொள்ளுங்கள். சி.டி.சி. 12 லட்சம், அதில் வேரியபிள் பே 1,80,000 ரூபாய், அதாவது மாதத்துக்கு 15,000. 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை முழு ஆண்டும் வேலை செய்திருக்கிறார். மே மாதம் நல்ல ரேட்டிங் வந்துவிட்டது. பணம் ஜூலை 31 அன்று வரும். இதற்கிடையில் வேறு நல்ல வேலை கிடைத்து, ஜூன் 10 அன்று பேப்பர் போடுகிறார். நோட்டீஸ் பீரியட் 90 நாள் என்பதால் செப்டம்பர் 8 வரை அவர் அலுவலகத்தில்தான் இருப்பார். ஜூலை 31 அன்றும் வேலை செய்துகொண்டுதான் இருப்பார். ஆனாலும் 1,80,000 ரூபாயும் போய்விடும். நோட்டீஸில் இருப்பவருக்குக் கிடையாது என்று வாக்கியத்தின் பின்பாதி சொல்கிறதே! ஜூலைச் சம்பளம் மட்டும் வழக்கம்போல் கணக்கில் ஏறும்.

சரி, பொறுமையாக இருந்து பணம் வந்ததும் பேப்பர் போடலாமே என்பார்கள். போடலாம். ஆகஸ்ட் 1 அன்று ராஜினாமா செய்தால் அக்டோபர் 30 வரை நோட்டீஸ். அதற்குள் அடுத்த மதிப்பீட்டு ஆண்டில் ஏழு மாதம் உழைத்து முடித்திருப்பார். அந்த ஏழு மாதத்துக்கான வேரியபிள் பே 1,05,000 ரூபாய். அது வருவது அடுத்த ஜூலையில். அப்போது அவர் அங்கே இருக்க மாட்டார். எனவே அதுவும் இல்லை.

பலரும் கவனிக்காமல் விடுவது இந்த இடத்தைத்தான். சரியான நாள் பார்த்து ராஜினாமா செய்தால் இழப்பே இருக்காது என்று நினைக்கிறோம். அப்படியொரு நாள் நாட்காட்டியிலேயே இல்லை. ஆண்டு முடிவுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவிலான மாதங்களோடு நோட்டீஸ் மாதங்களைக் கூட்டினால் எவ்வளவோ, அவ்வளவு மாத வேரியபிள் பேயை இழக்காமல் யாரும் தாமாக வெளியே வர முடியாது. இந்தக் கணக்கில் அது நான்கும் மூன்றும் சேர்ந்து ஏழு மாதம். நாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் இழப்பு இன்னும் கூடும், குறைய வழியில்லை.

வேலையில் சேரும் பக்கத்திலும் இதே மாதிரி ஒரு கழிவு உண்டு. ஜனவரி 1 அல்லது அக்டோபர் 1-க்குப் பிறகு சேர்ந்தவர்களை அந்த ஆண்டு மதிப்பீட்டில் சேர்ப்பதில்லை என்று சில நிறுவனங்களில் விதி இருக்கிறது. அந்தப் பெண் 2023 ஜனவரி முதல் வாரம் சேர்ந்து, 2025 அக்டோபர் இறுதியில் விலகினால் மொத்தம் 34 மாத வேலை. மாதம் 15,000 வீதம் அட்டவணை காட்டிய வேரியபிள் பே 5,10,000 ரூபாய். கைக்கு வந்ததோ முழு ஆண்டுகள் இரண்டுக்கு மட்டும், அதாவது 3,60,000. அதுவும் இரண்டு ஆண்டும் நூறு சதவீதம் கொடுத்திருந்தால். மிச்சம் ஒன்றரை லட்சம், சி.டி.சி. என்ற பெயரில் கணக்குக் காட்டப்பட்டு, யாருக்கும் கொடுக்கப்படாத தொகை.

அனுபவமுள்ளவர்கள் சட்டென்று வேலை மாறிவிடக் கூடாது என்பதற்காகத்தான் நிறுவனங்கள் இந்த விதியை வைக்கின்றன. அந்த விருப்பத்தில் தவறு காண முடியாது. ஆளைத் தக்கவைக்கப் பணம் தருவதென்றால், தக்கவைப்பு போனஸ் என்று தனியாக எழுதி, இத்தனை நாள் இருந்தால் இவ்வளவு என்று சொல்லலாம். கடந்த ஆண்டின் உழைப்புக்கான ஊதியம் என்று அட்டவணையில் காட்டி ஆளைச் சேர்த்துவிட்டு, அடுத்த ஆண்டும் இருந்தால்தான் தருவோம் என்பதை வேறு பக்கத்தில் எழுதி வைப்பது நேர்மையான முறை இல்லை என்பதே என் கருத்து.

இந்த நிபந்தனை எல்லாக் கடிதங்களிலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பணியாளர் பட்டியலில் இருந்தால் போதும் என்று மட்டும் இருந்தால், ஜூன் 10 அன்று பேப்பர் போட்ட அந்தப் பெண்ணுக்குப் பணம் கிடைத்திருக்கும். ஆனால் அங்கேயும் ஓர் ஓட்டை உண்டு. ராஜினாமாவை ஏற்றுக்கொண்டு, நோட்டீஸுக்கான பணத்தைக் கையில் கொடுத்து, ஜூலை 31-க்கு முன்பே ரிலீவ் செய்ய நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறதா என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். இருந்தால் பட்டியலில் இருப்பதும் அவர் கையில் இல்லை. எல்லாவற்றையும் விட ஆபத்தானது, பணம் வரும் தேதியையே சொல்லாமல் ‘நிறுவனத்தின் கொள்கைப்படி’ என்று விடும் கடிதம். ஜூலையில் வர வேண்டியது அந்த ஆண்டு செப்டம்பருக்குத் தள்ளிப்போனால், ஆகஸ்டில் விலகிச் சென்றவர் எல்லா நிபந்தனைகளுக்கும் உட்பட்டு நடந்திருந்தும் பணத்தை இழப்பார். கொள்கையோ உள் இணையதளத்தில் இருக்கும். சேர்ந்த பிறகுதான் கண்ணில் படும். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றும் அதிலேயே எழுதியிருக்கும்.

சட்டம் உதவாதா என்று கேட்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், ஒரு நிகழ்வு நடந்தால்தான் கடமை உண்டு என்று எழுதிக்கொண்டால், அந்த நிகழ்வு நடக்கும்வரை அதைக் கேட்டுப் பெற முடியாது. குறிப்பிட்ட தேதியில் பணியில் இருப்பதை நிபந்தனையாக வைத்து இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கும்போது, பணம் எனக்குச் சேர வேண்டிய கடனாகிவிட்டது என்று வாதிடுவது கடினம். கடிதத்தில் இந்த வாக்கியம் இல்லாமல் இருந்து, ரேட்டிங்கும் தொகையும் எழுத்தில் வந்துவிட்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது ஊழியரின் பக்கம் வலுவாக இருக்கும். அந்த மின்னஞ்சலையும் கடிதத்தையும் பத்திரப்படுத்திக்கொண்டு கேட்க வேண்டும்.

சட்டப்படியான போனஸை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு, அந்த ஆண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீத போனஸ் தர வேண்டும் என்றது. 30 நாள் வரம்பும் 8.33 சதவீதமும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கின்றன. மோசடி, திருட்டு, வன்முறை போன்ற காரணங்களுக்காகப் பணிநீக்கம் ஆனவர்தான் அந்த போனஸை இழப்பார். ராஜினாமா செய்தவர் இழப்பதில்லை. கால் சென்டரிலோ கடையிலோ குறைந்த சம்பளத்தில் இருப்பவரிடம், நீ போய்விட்டாய், போனஸ் கிடையாது என்று சொன்னால், பேஸ்லிப்பை எடுத்து அது எந்த வகைத் தொகை என்று முதலில் பார்க்க வேண்டும்.

மற்றவர்களுக்குப் பேச இடம் இருப்பது கையெழுத்துக்கு முன்னால்தான். தொலைபேசியில் கேட்டால் ஹெச்.ஆர். அன்பாகப் பதில் சொல்வார்; அதனால் மின்னஞ்சலில் கேளுங்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் வேரியபிள் பே எந்த மாதம் வந்தது? எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்? நோட்டீஸில் இருப்பவருக்கு உண்டா? கொள்கை ஆவணத்தை அனுப்ப முடியுமா? வாக்கியத்தை மாற்ற மாட்டோம் என்பார்கள், பெரும்பாலும் மாற்றவும் மாட்டார்கள். ஆனால் வேரியபிள் பங்கைக் குறைத்து நிலையான சம்பளத்தில் சேர்க்கச் சொன்னால் சில சமயம் ஒத்துக்கொள்வார்கள். முடியாவிட்டால் இரண்டு ஆஃபர்களை ஒப்பிடும்போது வேரியபிளை முழுசாகக் கூட்டாமல், மேலே போட்ட கணக்கைப் போல இரண்டு, மூன்று ஆண்டுக்கு எவ்வளவு தேறும் என்று பாருங்கள்.

பழைய இடத்தில் இழக்கும் தொகையைப் புதிய நிறுவனத்திடம் ஜாயினிங் போனஸாகக் கேட்பதும் வழக்கத்தில் உண்டு. ரேட்டிங் கடிதத்தைக் காட்டினால் பலர் தருவார்கள். ஆனால் அதற்கும் ஒரு வாக்கியம் இருக்கும்: 12 மாதத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று. வரி பிடித்த பிறகு கைக்கு வந்ததையா, வரிக்கு முந்தைய முழுத் தொகையையா எதைத் திருப்பக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். முழுத் தொகை என்று எழுதும் கடிதங்கள் நிறைய.

நிறுவனமே ஆட்குறைப்பு செய்யும்போது என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். எந்தக் காரணத்தால் பணி முடிந்தாலும் கிடையாது என்று பல கடிதங்கள் சொல்கின்றன. அப்படியானால் ஜூன் மாதம் வேலையை விட்டு அனுப்பப்படுபவர், தான் விரும்பிப் போகாதபோதும், முடித்துக் கொடுத்த ஓர் ஆண்டின் பணத்தை இழக்கிறார். ‘ராஜினாமா செய்தால்’ என்று அந்த வாக்கியத்தைச் சுருக்கச் சொல்வதும், ஆட்குறைப்பு என்றால் வேலை செய்த மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வதும் நியாயமான கோரிக்கை. ஆட்குறைப்புக் கூட்டத்தில் உட்காரவைத்து ஒரு காகிதத்தை நீட்டி உடனே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். அதில் இனி நிறுவனத்திடம் எந்தப் பாக்கியும் இல்லை என்ற வரி இருந்தால், வேரியபிள் பே பற்றி எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாமல், படித்துப் பார்க்க நேரம் கேளுங்கள்.