64 பக்கம், ஒரு தாள்

யூனிட் மாறும் நாளில் மனநல வார்டில் கேஸ் ஷீட்டுகள் கட்டுக்கட்டாகக் கைமாறும். புதிதாகப் பொறுப்பேற்கும் டாக்டருக்கு அன்றைக்கே வார்டு நிறைய நோயாளிகள். ஒருவருடைய கட்டு மட்டுமே 64 பக்கம் இருந்தால், அதை அன்று யார் படிப்பார்கள்? அதற்காகத்தான் பழைய யூனிட் ஒரு பக்கச் சுருக்கம் எழுதித் தருகிறது. எங்கள் பி.ஜி. மாணவர்களில் பலர் அதைக் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரியைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். தப்பு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பெண்மணி. வயது 42. மனச்சிதைவு நோய்க்கு 16 வருடமாகச் சிகிச்சை. (ஆள் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) மாணவர் எழுதிவந்த தாளில் இரண்டு வரி: ‘ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் இரண்டும் பலனில்லை. ஹாலோபெரிடால் அலர்ஜி.’

“இதை முதன்முதலா எழுதினது யாரு?”

“போன அட்மிஷன் சம்மரியிலே இருக்கு, மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

அவரிடம் பதில் இல்லை. இருவரும் உட்கார்ந்து கட்டைப் பின்னாலிருந்து புரட்டினோம்.

இந்த இரண்டு வரிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? இரண்டு வெவ்வேறு மருந்துகளைப் போதிய அளவில், ஏறக்குறைய ஆறு வாரம் வீதம், விடாமல் சாப்பிட்டும் நோய் அடங்காவிட்டால்தான் வழக்கமாக குளோசபினுக்குப் போவோம். நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்கு ரத்த வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரமாவது வாரந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ‘இரண்டும் பலனில்லை’ என்ற வரியைப் படிக்கும் புது யூனிட் மறுநாளே குளோசபின் எழுதக்கூடும்.

ரிஸ்பெரிடோன் விஷயம் உண்மைதான். 6 மில்லிகிராம், எட்டு வாரம், தாயே கையில் வைத்துக் கொடுத்திருக்கிறார். காதில் கேட்ட குரல்கள் குறையவே இல்லை. ஒலான்சபின் கதை வேறு. அந்த அட்மிஷனின் நர்ஸ் குறிப்புகளையும் அடுத்த ஓ.பி. சீட்டையும் சேர்த்துப் பார்த்தால், 10 மில்லிகிராம் மொத்தம் ஒன்பது நாள்தான் உள்ளே போயிருக்கிறது. ‘எந்நேரமும் தூங்குகிறாள்’ என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ‘நிறுத்தியது’ என்பது அடுத்த சம்மரியில் ‘பலன் குறைவு’ ஆகி, அதற்கடுத்ததில் ‘பலனில்லை’ என்று முடிந்திருந்தது.

ஹாலோபெரிடால் ‘அலர்ஜி’யும் இப்படித்தான். 2011 அவசரப் பிரிவுச் சீட்டில், ஊசி போட்ட சில மணி நேரத்தில் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொண்டது, கண்கள் மேலே செருகின என்றிருந்தது. புரோமெத்தசின் ஊசி போட்டதும் சரியாகியிருக்கிறது. தடிப்பு, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. மருந்தால் தசை இறுகிக்கொள்ளும் பக்கவிளைவு இது, அலர்ஜி கிடையாது. இதே ரக ஊசி எதைப் போட்டாலும் இவருக்கு மறுபடி வரலாம் என்பதுதான் புது டாக்டருக்குத் தெரிய வேண்டிய செய்தி. ‘அலர்ஜி’ என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது.

தாளைத் திருத்தி எழுதினோம். மேலே, இப்போது எதற்காகச் சேர்ந்திருக்கிறார், இன்று என்ன மருந்து எவ்வளவு. அதன் கீழே ஆபத்து: 2014-இல் ஒரு தற்கொலை முயற்சி, வீட்டுக்குப் போய் இரண்டாம் வாரம், மருந்தை நிறுத்திய பிறகு. டிஸ்சார்ஜ் செய்யப்போகும் டாக்டருக்கு நாளும் சூழ்நிலையும்தான் உதவும். பிறகு ஒவ்வொரு மருந்தும் எவ்வளவு, எத்தனை நாள், யார் கொடுத்தார்கள், ஏன் நின்றது. ஒலான்சபினுக்கு நேராக ‘9 நாள் மட்டுமே, முறையாகச் சோதிக்கப்படவில்லை’ என்று எழுதினோம். பிரசவக் குறிப்பு, பள்ளிப்படிப்பு எல்லாம் போயிற்று. மூன்று முறை மாறிய நோயின் பெயருக்கு ஒரே வரி.

தங்கை ஒரு சமயம் சொன்னதை மட்டும் மாணவர் அடித்துவிட்டிருந்தார், ‘இது மருத்துவத் தகவல் இல்லையே’ என்று. “அக்கா வாசல்ல கோலம் போடறதை நிறுத்திட்டா, பத்து நாள்ல ஆரம்பிச்சிடும் டாக்டர்.” ஐந்து அட்மிஷனில் நான்குக்கு முன் அப்படித்தான் நடந்திருக்கிறது. அதைத் திரும்பச் சேர்த்தோம், ‘தங்கை கூற்று’ என்று குறிப்பிட்டு. யார் சொன்னது என்று தெரியாத தகவலைப் புது யூனிட் யாரிடம் போய்ச் சரிபார்க்கும்?

31-ஆம் பக்கத்தில்தான் தயங்கினோம். திருமண வாழ்க்கை பற்றி அவர் ஒரே ஒரு டாக்டரிடம், ஒரே ஒரு முறை சொன்ன விஷயம் அங்கே இருந்தது. சிகிச்சைக்கு அது தேவை. ஆனால் இந்தத் தாள் நர்ஸ் மேசையில் கிடக்கும். கூட இருக்கும் உறவினர் எட்டிப்பார்ப்பார். கடைசி வரியாக ‘நோயாளியிடம் தனியாகப் பேசவும், பக். 31’ என்று எழுதி, மீதியைப் புது டாக்டரிடம் நேரில் சொல்லிக்கொள்ளச் சொன்னேன்.