பூனைக்கடி: ஊசி போட்டாயிற்று, மாத்திரை?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். கொல்லைப்புறத்தில் அத்தை வளர்க்கும் பூனையும் தெருவில் திரியும் கடுவன் ஒன்றும் கட்டிப் புரண்டன. விலக்கிவிடப் போன அத்தையை, மிரண்டுபோன அவருடைய பூனையே கடித்துவிட்டது. வலது ஆள்காட்டி விரலின் உட்பக்கம், அடிக்கணுவுக்குச் சற்று மேலே இரண்டு புள்ளிகள். ஆளுக்கொரு சொட்டு ரத்தம் வந்து நின்றுவிட்டது. தையல் ஊசி குத்தினால்கூட இதைவிடப் பெரிதாக இருக்கும். அத்தை தண்ணீரில் கையைக் கழுவினார், மஞ்சளைக் குழைத்து அப்பினார், ராத்திரி சமையலைப் பார்க்கப் போய்விட்டார்.

விடியற்காலை ஐந்து மணிக்கு விரல் விண்விண் என்று தெறித்து அவரை எழுப்பியது. பத்து மணிக்கு அருகிலிருந்த மருத்துவமனையில் வெறிநோய்க்கான தடுப்பூசியும் டி.டி. ஊசியும் போட்டார்கள். மஞ்சள் காய்ந்திருந்த அந்த இரண்டு புள்ளிகளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அத்தையும் வலியைப் பற்றிச் சொல்லவில்லை. "அதான் ஊசி போட்டாச்சே" என்று வீடு திரும்பினார். நம் ஊரில் பூனை கடித்தால் எல்லோரும் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான்.

அந்த ஊசிகள் அவசியமானவை. வெறிநோய் வந்துவிட்டால் பிழைக்க வழியில்லை என்பதால் அவற்றைத் தள்ளிப்போடவே கூடாது. பல் பதிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்துக்குள்ளேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். ஆனால் ஒன்று வெறிநோய் வைரஸைத் தடுக்கிறது, இன்னொன்று டெட்டனஸைத் தடுக்கிறது. பூனையின் வாயிலிருந்து விரலுக்குள் இறங்கிய மற்றக் கிருமிகளை இரண்டுமே தொடாது.

அந்தக் கிருமிகளில் முதன்மையானது பாஸ்ச்சுரெல்லா என்ற பாக்டீரியா. நல்ல ஆரோக்கியமான வீட்டுப் பூனைகளிலும் பெரும்பாலானவற்றின் வாயில் அது குடியிருக்கிறது. பூனைக்கு அதனால் ஒன்றும் ஆவதில்லை. 1999இல் அமெரிக்காவில், சீழ் பிடித்த கடிகாயங்களை எடுத்து ஆராய்ந்தார்கள். பூனைக்கடிகளில் நான்கில் மூன்றில் இது இருந்தது. நாய் கடித்தவர்களுக்குச் சுமார் 24 மணி நேரத்தில் தெரிந்த வீக்கமும் வலியும், பூனை கடித்தவர்களுக்குச் சுமார் 12 மணி நேரத்திலேயே தலைகாட்டின. அத்தைக்குப் பதினோரு மணி நேரம்.

நாயின் பல் சதையைக் கிழிக்கும். பார்க்கப் பயமாக இருந்தாலும் காயம் திறந்து கிடக்கும், ரத்தம் வழியும், கழுவினால் தண்ணீர் அடிவரை போகும். பூனையின் கோரைப்பல் மெலிந்து, கூர்ந்து, ஊசிபோல் நேராக இறங்கி அதே வழியில் வெளியே வந்துவிடுகிறது. மேலே தோல் சில மணி நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. மேற்புண் ஆறிவிட்டதாக நாம் நினைக்கும்போது கிருமிகள் உள்ளே அடைபட்டுக் கிடக்கின்றன.

அதுவும் கையில் என்றால் நிலைமை இன்னும் மோசம். தொடையில் கடித்தால் பல் சதையில் நிற்கும். விரலில் அவ்வளவு சதை கிடையாது. தோலுக்குச் சில மில்லிமீட்டர் கீழேயே மூட்டும் தசைநாணும் வந்துவிடுகின்றன. விரலை மடக்கும் தசைநாண் ஒரு மெல்லிய உறைக்குள், குழாய்க்குள் ஓடும் கயிறு போல, வழுக்கிக்கொண்டு போய்வருகிறது. விரல் மடங்கியிருக்கும்போது பல் தோலையும் உறையையும் துளைக்கிறது. பிறகு விரலை நீட்டியதும் தசைநாண் நகர்ந்துவிடுகிறது, தோலில் உள்ள துளையும் உள்ளே உள்ள துளையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதில்லை. வெளியிலிருந்து எவ்வளவு கழுவினாலும் அங்கே எட்டாது. வெறிநோய்க்காகச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவியே ஆகவேண்டும், ஆனால் அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. அந்த உறைக்குள் ரத்த ஓட்டமும் குறைவு. கிருமியோடு போராட வேண்டிய வெள்ளணுக்களும், பின்னால் நாம் விழுங்கும் மருந்தும் அங்கே தாராளமாகப் போய்ச்சேர்வதில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் போய்ப் பார்த்தபோது அந்த விரல் முழுவதும் ஒரே சீராக உப்பி, மினுமினுத்து, பாதி மடங்கியபடி நின்றது. நெளி மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. மாவட்டத் தலைநகரில் உள்ள மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். முதலில் மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். பிறகு அறுவை மருத்துவர் உள்ளங்கையிலிருந்து விரல் நுனிவரை அந்தத் தசைநாண் போகும் வழியாக மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். வழிநெடுக அத்தை முகத்தைச் சுளித்தார். "அம்மா, நீங்க விரலை அசைக்க வேண்டாம், நானே நிமிர்த்திப் பாக்குறேன்" என்று நுனியைத் தொட்டு ஒரு நூலளவு தூக்கினார். அத்தை அலறிவிட்டார்.

விரல் முழுதும் வீக்கம், தானே மடங்கி நிற்பது, உறை நெடுக வலி, நிமிர்த்தினால் தாங்க முடியாத வலி. இந்த நான்கையும் வகுத்துச் சொன்னவர் ஆலன் கனவெல் என்ற சிகாகோ அறுவை மருத்துவர். நூறு வருடத்துக்கு மேலாகியும் கை மருத்துவர்கள் அவற்றைத்தான் பார்க்கிறார்கள். நான்கும் இருந்தால் உறைக்குள் சீழ் கட்டிவிட்டது என்றே எடுத்துக்கொள்கிறார்கள். அன்று மாலையே விரலின் அடியிலும் நுனிப் பக்கத்திலும் கீறி, உறைக்குள் சலைன் செலுத்திக் கழுவினார்கள். நான்கு நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது.

இவ்வளவும் மாத்திரையோடு முடிந்திருக்கக்கூடிய விஷயம் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. கையில் பூனைப்பல் இறங்கியிருந்தால், வீக்கம் வரட்டும் என்று காத்திராமல், அன்றைக்கே ஆன்டிபயாட்டிக் தொடங்க வேண்டும் என்பது மருத்துவத்தில் உறுதியாக ஏற்கப்பட்ட முறை. வழக்கமாகத் தருவது அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை, மூன்று முதல் ஐந்து நாள். பாஸ்ச்சுரெல்லாவுக்கு அமாக்சிசிலின் போதும். ஆனால் பூனையின் வாயில் வேறு கிருமிகளும் உண்டு, அவற்றில் சில அமாக்சிசிலினை உடைத்துப்போடும். அதைத் தடுக்கவே கிளாவுலனிக் அமிலம். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் வேறு மருந்து தருவார், அதனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன தடவை கால் புண்ணுக்கு வாங்கி மீந்துபோன செஃபலெக்சினையோ எரித்ரோமைசினையோ எடுத்து விழுங்குவதில் பயனில்லை. புண்ணுக்குக் கேட்கும் அந்த மருந்துகள் பாஸ்ச்சுரெல்லாவுக்குச் சரியாகக் கேட்பதில்லை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக் 2014இல் ஒரு கணக்கை வெளியிட்டது. மூன்று ஆண்டுகளில் கையில் பூனை கடித்து அங்கே வந்தவர்கள் 193 பேர். அவர்களில் 57 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது, 38 பேருக்கு அறுவை சிகிச்சை. மூட்டுக்கோ தசைநாணுக்கோ மேலே கடிபட்டவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொண்டார்கள். மாத்திரை தொடங்கிய பிறகும் சரிப்படாமல் திரும்பி வந்து சேர்ந்தவர்களும் அதில் உண்டு. அதனால் மாத்திரை வாங்கியதோடு விட்டுவிடாமல், சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றி பேனாவால் ஒரு கோடு போட்டு வைக்கலாம். ஒரு நாள் கழித்துச் சிவப்பு அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, விரலை நீட்ட முடியாவிட்டாலோ, காய்ச்சல் வந்தாலோ உடனே திரும்பிப் போக வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த ஒரு நாள் அவகாசம்கூட அதிகம்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். கை வீங்கும் முன்பே மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். துளையின் மேல் மஞ்சளோ காப்பித்தூளோ சுண்ணாம்போ அப்பி அடைக்கவே கூடாது.

அத்தையின் விரலில் காயம் ஆற மூன்று வாரம் ஆனது. உறைக்குள் தழும்பு விழுந்து தசைநாண் ஒட்டிக்கொண்டதால், விரலை மடக்கவும் நீட்டவும் பிசியோதெரபிக்கு இரண்டு மாதம் நடந்தார். இப்போது தோசைக்கரண்டி பிடிக்கிறார், எழுதுகிறார். கோலம் போடும்போதுதான் தெரிகிறது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவு சீராக இறங்க மாட்டேனென்கிறது. இழை ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் விட்டுப்போகிறது. அவர் குனிந்தபடியே இடது கையால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டு போகிறார்.