ஒரே நடையில் ஏழு பாலம்

பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுப் பையன்கள் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுப் பார்க்கும் ஒரு புதிர் உண்டு. ஒரு சதுரம், அதற்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு, தலையில் கூரை மாதிரி ஒரு முக்கோணம். கையை எடுக்காமல், போட்ட கோட்டின் மேல் மறுபடி போகாமல் இந்த வீட்டை வரைய வேண்டும். கீழ் மூலை இரண்டில் ஒன்றில் தொடங்கியவனுக்கு வந்துவிடும். கூரை உச்சியில் தொடங்கியவன் எத்தனை தாள் கிழித்தாலும் வராது. கூரையை எடுத்துவிட்டுச் சதுரத்தையும் குறுக்குக்கோடுகளையும் மட்டும் வரையச் சொன்னால் யாருக்குமே வராது.

ஏன் என்று கேட்டால் பையன்கள் "அது அப்படித்தான்" என்பார்கள். சுமார் முந்நூறு வருடங்களுக்கு முன்பு, பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பெரியவர்களும் ஏறக்குறைய அதே நிலையில்தான் இருந்தார்கள். அவர்களிடம் தாளுக்குப் பதில் ஒரு ஆறும் ஏழு பாலங்களும் இருந்தன.

பிரெகெல் ஆறு அந்த ஊரை நான்கு துண்டாக வெட்டியிருந்தது. வடக்கே ஒரு கரை, தெற்கே ஒரு கரை, நடுவில் க்னைப்ஹாஃப் என்ற தீவு. தீவுக்குக் கிழக்கே, ஆற்றின் இரு கிளைகளுக்கு நடுவே லோம்ஸ என்ற இன்னொரு நிலப்பகுதி. தீவிலிருந்து வடகரைக்குக் கடைக்காரர் பாலம், கொல்லர் பாலம் என இரண்டு. தென்கரைக்குப் பச்சைப் பாலம், குடல் பாலம் என இரண்டு. (குடலேதான், கசாப்புக் கழிவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்.) தீவையும் லோம்ஸவையும் தேன் பாலம் சேர்த்தது. லோம்ஸவிலிருந்து வடகரைக்கு மரப் பாலம், தென்கரைக்கு உயரப் பாலம். ஏழு பாலத்தையும் ஒவ்வொரு தடவை மட்டும் கடந்து ஒரு நடை போய்வர முடியுமா என்பது ஊரில் உலவிய கேள்வி. நடந்து காட்டியவர் யாரும் இல்லை. முடியாது என்று நிறுவியவரும் இல்லை.

எல்லா வழிகளையும் எழுதி ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலாமே என்று தோன்றும். ஏழு பாலங்களை வரிசைப்படுத்த 5,040 விதம் இருக்கிறது. பெரும்பாலானவை நடக்கவே முடியாத வரிசைகள்தான், ஆனால் அதையும் பார்த்துத்தானே தள்ள வேண்டும். அடுத்த ஊரில் பதினைந்து பாலம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் இருந்த லியோன்ஹார்ட் ஆய்லர் 1735 ஆகஸ்டில் இதற்கான விடையைக் கழகத்தின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது 28. விஷயத்தைப் பற்றி அவருடன் கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர் டான்ஸிக் நகர மேயர் ஏலர். அவருக்கு எழுதிய பதிலில், இதற்கும் கணிதத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை, வெறும் பகுத்தறிவே போதும், இதற்கு ஏன் கணிதக்காரனைத் தேடுகிறீர்கள் என்கிற தொனியில் ஆய்லர் சற்று அலுத்துக்கொள்கிறார். அளவு இல்லை, கோணம் இல்லை, கணக்கு என்று சொல்லவும் பெரிதாக எதுவும் இல்லை. அன்றைய கண்ணுக்கு இது கணிதமாகத் தெரியாததில் வியப்பில்லை.

ஆய்லர் செய்த முதல் காரியம் வேண்டாததைக் கழித்தது. தீவு எவ்வளவு பெரிது? பாலம் கல்லா, மரமா? இரண்டு பாலத்துக்கு நடுவே எத்தனை தெரு? ஒன்றும் வேண்டாம். ஒரு நிலப்பகுதிக்குள் எங்கு வேண்டுமானாலும் சுற்றலாம். நடை மாறுவது பாலம் ஏறும்போதுதான். ஆகவே ஒரு நிலம் முழுவதையும் ஒரே புள்ளியாகச் சுருக்கிவிடலாம். பாலம் என்பது இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு. கோனிக்ஸ்பெர்க் முழுவதும் நான்கு புள்ளி, ஏழு கோடு என்று ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். கணிதக்காரர்கள் இந்தப் படத்தைக் கோட்டுரு என்கிறார்கள்.

ஒரு சுவையான விஷயம்: இந்தப் படத்தை ஆய்லர் வரையவே இல்லை. அவர் கட்டுரையில் இருப்பது ஊர் வரைபடம். நிலங்களுக்கு எழுத்துகளைச் சூட்டி, நடையை அந்த எழுத்துகளின் வரிசையாக எழுதினார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் நான்கு புள்ளிப் படத்தை ரவுஸ் பால் என்ற ஆங்கிலேயர் 1892இல், கணிதக் கேளிக்கைகள் பற்றிய தம் புத்தகத்தில் போட்டார். ஆய்லருக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டு கழித்து வந்த படம் அது. ஆனால் விஷயம் சட்டென்று விளங்குவது அந்தப் படத்தில்தான் என்பதால் அதையே பிடித்துக்கொள்வோம்.

ஒரு தாளில் வைரம் போல நான்கு புள்ளி வையுங்கள். மேலே வடகரை, கீழே தென்கரை, இடப்பக்கம் தீவு, வலப்பக்கம் லோம்ஸ. தீவிலிருந்து மேலே இரண்டு கோடு, கீழே இரண்டு கோடு, வலப்பக்கம் ஒரு கோடு. லோம்ஸவிலிருந்து மேலே ஒன்று, கீழே ஒன்று. இனி நடக்க வேண்டாம், எண்ணினால் போதும். ஒவ்வொரு புள்ளியிலும் எத்தனை கோட்டு முனைகள் வந்து சேர்கின்றன? தீவில் 5. வடகரையில் 3, தென்கரையில் 3, லோம்ஸவில் 3.

இப்போது ஒரு புள்ளியில் நின்று யோசியுங்கள். நடையின் நடுவே அந்த நிலத்துக்கு ஒருவர் வந்தால், ஒரு பாலத்தில் உள்ளே வருவார், இன்னொரு பாலத்தில் வெளியே போவார். ஒவ்வொரு வருகையும் இரண்டு பாலத்தைத் தின்கிறது. எனவே நடை தொடங்காத, முடியாத நிலத்தில் பாலங்கள் இரட்டைப்படையில்தான் இருந்தாக வேண்டும். ஒற்றைப்படையாக இருந்தால் ஜோடி சேராமல் ஒன்று மிஞ்சும். அந்த மிஞ்சிய பாலத்துக்கு ஒரே ஒரு நியாயம்தான் உண்டு: நடை அங்கே தொடங்கியிருக்க வேண்டும், அல்லது அங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு நடைக்குத் தொடக்கம் ஒன்று, முடிவு ஒன்று. ஆக, ஒற்றைப்படைப் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கோனிக்ஸ்பெர்க்கில் நான்கும் ஒற்றைப்படை. விஷயம் முடிந்தது.

ஆய்லர் இதையே எழுத்துகளை எண்ணிச் சொன்னார். ஏழு பாலம் கடக்கும் நடையை எழுதினால் எட்டு எழுத்து வரும். ஐந்து பாலமுள்ள தீவு அதில் மூன்று தடவை வந்தாக வேண்டும். மூன்று பாலமுள்ள மற்ற மூன்று நிலங்களும் இரண்டிரண்டு தடவை. கூட்டினால் ஒன்பது. எட்டு இடத்தில் ஒன்பது எழுத்து எப்படி உட்காரும்?

பையன்களின் வீட்டுக்கு வருவோம். கீழ் மூலை இரண்டிலும் மூன்று மூன்று கோடு. மேல் மூலைகளில் நான்கு, உச்சியில் இரண்டு, குறுக்குக்கோடுகள் வெட்டும் நடுப்புள்ளியில் நான்கு. ஒற்றைப்படை இரண்டே இடத்தில், அதனால் ஒரு கீழ் மூலையில் தொடங்கி மறு கீழ் மூலையில்தான் முடிக்க முடியும். கூரையைக் கழற்றினால் நான்கு மூலையும் மூன்று மூன்றாகிவிடும்.

முடியாது என்பதை எண்ணிக்கை காட்டிவிட்டது. எண்ணிக்கை சரியாக இருந்தால் நடை கட்டாயம் உண்டா? புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் உண்டு. இதை முழுமையாக நிறுவிய ஜெர்மானியர் கார்ல் ஹியர்ஹோல்ட்ஸர், தம் கட்டுரை அச்சில் வரும் முன்பே இறந்துபோனார். அது 1873இல் வெளியானது. அவருடைய உத்தியைக் கோனிக்ஸ்பெர்க்கிலேயே செய்து பார்க்கலாம், ஏனென்றால் 1905இல் அங்கே கைசர் பாலம் என்று எட்டாவது ஒன்று வந்தது. அது லோம்ஸவையும் தென்கரையையும் சேர்த்தது. உடனே அந்த இரண்டு நிலங்களிலும் எண்ணிக்கை 4 ஆனது. தீவின் 5, வடகரையின் 3 ஆகிய இரண்டு மட்டுமே ஒற்றைப்படை. வடகரையில் தொடங்கினால் தீவில் முடிக்கலாம் என்று படம் சொல்கிறது.

யோசிக்காமல் நடந்து பார்ப்போம். வடகரையிலிருந்து கடைக்காரர் பாலம் வழியே தீவுக்கு. தேன் பாலத்தில் லோம்ஸவுக்கு. மரப் பாலத்தில் மறுபடி வடகரைக்கு. கொல்லர் பாலத்தில் தீவுக்கு. பச்சைப் பாலத்தில் தென்கரைக்கு. குடல் பாலத்தில் தீவுக்கு. அவ்வளவுதான், தீவின் ஐந்து பாலமும் தீர்ந்துவிட்டது. மேலே போக வழியில்லை. ஆனால் உயரப் பாலமும் கைசர் பாலமும் கடக்கப்படாமலே கிடக்கின்றன.

பலர் இந்த இடத்தில் தாளைக் கசக்கிவிடுவார்கள். ஹியர்ஹோல்ட்ஸர் கசக்கச் சொல்லவில்லை. மிச்சமான பாலங்களைப் பாருங்கள்: தென்கரையிலிருந்து உயரப் பாலத்தில் லோம்ஸவுக்குப் போய், கைசர் பாலத்தில் தென்கரைக்கே திரும்பி வரலாம். அதாவது மிச்சம் ஒரு வளையம். அந்த வளையம் பழைய நடையைத் தென்கரையில் தொடுகிறது. எனவே பச்சைப் பாலம் இறங்கித் தென்கரைக்கு வந்ததும், குடல் பாலத்தில் ஏறாமல் முதலில் இந்த வளையத்தைச் சுற்றிவிட்டு வந்து, பிறகு குடல் பாலத்தில் ஏறினால் எட்டும் முடிந்துவிடும். பூச்சரத்தில் நடுவே ஒரு முழம் சேர்த்துக் கட்டுவது போலத்தான். எவ்வளவு பெரிய படமானாலும் மிஞ்சுவது வளையங்களாகத்தான் இருக்கும், ஏனென்றால் மிஞ்சிய கோடுகள் எல்லாப் புள்ளியிலும் இரட்டைப்படையில் இருக்கும். வளையம் நடையைத் தொடாமல் தனியே கிடந்தால் மட்டும் ஒட்ட முடியாது. படம் இரண்டு துண்டாக இருந்தால்தான் அப்படி ஆகும்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்ணிக்கை விதி பாலங்களுக்கு மட்டும்தான். ஒவ்வொரு நிலத்தையும் ஒரே தடவை மிதிக்க வேண்டும் என்று கேள்வியை மாற்றினால், கேட்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் முனைகளை எண்ணி விடை சொல்லும் இப்படியொரு எளிய விதி அதற்கு இதுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

ஊரின் கதை அங்கே நிற்கவில்லை. 1944 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டு நகரத்தின் நடுப்பகுதியை அழித்தன. போருக்குப் பின் ஊர் சோவியத் வசமாகி, 1946இல் கலினின்கிராட் என்று பெயர் மாறியது. கொல்லர் பாலமும் குடல் பாலமும் இன்று இல்லை. கடைக்காரர் பாலமும் பச்சைப் பாலமும் இருந்த தடத்தில் தீவின் தலைக்கு மேலாக ஒரு மேம்பாலம் போகிறது. நடுவில் தீவுக்கு இறங்கப் படிக்கட்டு உண்டு. அதை வடக்குத் துண்டு, தெற்குத் துண்டு என்று இரண்டாக எண்ணினால், பழைய ஏழின் இடத்தில் இன்று ஐந்து. தீவில் 3, லோம்ஸவில் 3, கரைகளில் இரண்டிரண்டு. தீவில் இருக்கும் கதீட்ரல் வாசலில் கிளம்பினால் மேம்பாலத்தில் வடக்கே போய், மரப் பாலம், உயரப் பாலம் வழியாகச் சுற்றி, தெற்கிலிருந்து மேம்பாலத்தில் தீவுக்குத் திரும்பி, தேன் பாலத்தைக் கடந்து லோம்ஸவில் முடிக்கலாம்.

கைசர் பாலம் நின்ற இடத்தில் 2005இல் ஜூபிலி பாலம் என்ற நடைபாலம் கட்டப்பட்டது. அதையும் கடந்தே தீருவேன் என்பவர் தேன் பாலத்தோடு நிற்காமல் லோம்ஸவிலிருந்து அதில் ஏறித் தென்கரையில் இறங்க வேண்டும். கிளம்பிய கதீட்ரலுக்கே திரும்பிவர நினைத்தால், ஏற்கனவே கடந்த ஒரு பாலத்தையாவது இன்னொரு தடவை மிதிப்பதைத் தவிர்க்க முடியாது.