மாடி வீட்டில் தொம்மென்று விழாமல் குதிக்க

எங்கள் வீடு சென்னையில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. பெரியவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு நான்கு. கீழ் வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், பெரும்பாலும் படுக்கையிலேயே இருக்கும் அவருடைய கணவரும். போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம் அந்த அம்மா கைப்பிடியைப் பிடித்து மெல்லப் படியேறி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் தெரிந்தது. "பசங்க கத்துறது எனக்கு ஒண்ணுமே இல்லம்மா, அது கீழ கேக்கக்கூட கேக்காது. ஆனா இந்த தொம் தொம்முனு வருது பாரு, அதுக்குத்தான் அவருக்குத் தூக்கிவாரிப் போடுது" என்றார்.

அவர் சொன்னது ரொம்பச் சரி. பேச்சும் கூச்சலும் காற்று வழியாக வருபவை. ஐந்து அங்குல கான்கிரீட் தளம் கனமானது, காற்றில் வரும் ஓசை அதை அவ்வளவு எளிதில் அசைக்காது. ஆனால் குதிகால் தளத்தையே நேராக அடிக்கிறது. நம் ஊர் வீடுகளில் தளத்தின் மேல் சிமென்ட் கலவை, அதன் மேல் டைல்ஸ். அடியை வாங்கிக்கொள்ள நடுவில் மெத்தென்று எதுவும் கிடையாது. அடிபட்ட தளம் முரசின் தோலைப் போல அதிர்ந்து, கீழ் வீட்டில் ஓசையாக இறங்குகிறது.

மறுநாள் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, பெரியவனைக் கீழே கூட்டிப்போய் அவர்கள் கூடத்தில் உட்காரவைத்தேன். மேலே அவன் அப்பா முதலில் சாதாரணமாக நடந்தார், பிறகு ஓடினார், பிறகு ஒருமுறை குதித்தார். மின்விசிறியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, குதித்ததும் என் கையை இறுக்கிப் பிடித்தான். "பாட்டி வீட்டு மேல யாரோ உரல் உருட்டுற மாதிரி இருக்கும்மா" என்றான். அதுவரை நூறு முறை "ஓடாதே" என்று சொன்னதில் புரியாதது அந்த ஐந்து நிமிடத்தில் அவனுக்குப் புரிந்துவிட்டது. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளை உள்ள யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

முதலில் நானும் எல்லாரையும் போல ஒரு தரைவிரிப்பு வாங்கிப் போட்டேன். பொம்மை விழும் 'டக்' ஓசை போயிற்று, 'தொம்' மட்டும் அப்படியே இருந்தது. காரணம் எளிய கணக்கு. இருபது கிலோ எடையுள்ள குழந்தை 30 செ.மீ. உயரத்திலிருந்து விழுகிறது என்று வையுங்கள். முழங்காலை மடக்காமல் டைல்ஸில் இறங்கி மூன்று செ.மீ. தூரத்துக்குள் உடம்பு நின்றால், அந்தக் கணத்தில் தரை தாங்குவது ஏறக்குறைய 220 கிலோ. அதே உடம்பு 15 செ.மீ. அமிழ்ந்து நின்றால் 60 கிலோதான். அமிழ்வதற்கு இடம் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அரை அங்குல விரிப்பு அந்த இடத்தைத் தராது.

இடம் கொடுக்க இன்னொரு வழியும் உண்டு. விழும் உயரத்தையே குறைத்துவிடுவது. குழந்தைகள் நாற்காலியிலிருந்து கீழே குதிக்கிறார்கள் அல்லவா? அதைத் தலைகீழாக்கினோம். கூடத்தில் நான்கு அங்குல ஃபோம் மெத்தை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 20 செ.மீ. உயரம் வருகிறது. தரையிலிருந்து அதன் மேல் குதித்து ஏற வேண்டும். பிள்ளை 30 செ.மீ. எம்பினாலும் விழுவது பத்து செ.மீ.தான், அதுவும் மெத்தையில். எம்பும்போது தரை அழுத்தப்படுமே தவிர அடி விழாது. உடம்பை மேலே தூக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் களைப்பும் வருகிறது. இறங்கும்போது குதிக்கக் கூடாது, உட்கார்ந்து சறுக்கி இறங்க வேண்டும். எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் 'மலை ஏறி'. ஏறி, சறுக்கி, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி ஏறுவது. இந்தச் சுற்று முக்கியம். ஒரே இடத்தில் நின்று விடாமல் குதித்தால், ஓசை குறைவாக இருந்தாலும் சீரான தாளமாகக் கீழே போய்ச் சேரும், அந்தத் தாளம்தான் மனிதரை வதைக்கும்.

மெத்தை விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். பழைய இலவம்பஞ்சு மெத்தை கட்டிதட்டிப் போயிருந்தால் பயனில்லை. பிள்ளை குதிக்கும்போது மெத்தைக்கு ஒரு அடி தள்ளி டைல்ஸில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். கையில் 'டொக்' என்று தட்டினால் மெத்தை அடிவரை நசுங்குகிறது என்று பொருள், இன்னொன்றை அடியில் போட வேண்டும். அடுத்தது போடும் இடம். தளம் நடுவில்தான் அதிகம் அதிரும். உத்திரம் ஓடும் சுவர்ப் பக்கம் கெட்டியாக இருக்கும். ஆகவே சுவரோரம் போடுங்கள், ஆனால் சுவரில் முட்டாமல் ஒரு முழம் தள்ளி. கீழ் வீட்டில் படுக்கை எந்த அறையில் என்று கேட்டு, அதற்கு நேர் மேலே போடாதீர்கள். கட்டிலில் ஏறிக் குதிக்க விடவே வேண்டாம். நான்கு கால்களும் அத்தனையையும் தரைக்கு அனுப்பிவிடும், விழுந்தால் மண்டையும் உடையும்.

ஓட்டம்தான் கடினமானது. மெத்தென்று ஓடக் கூடம் முழுவதும் மெத்தை போட முடியாது. பெரியவனுக்கு முன்பாதத்தால் பூனை ஓட்டம் கற்றுத்தந்தோம். கீழே போய்க் கேட்டு வந்தவன் என்பதால் அவனுக்கு வந்தது. நான்கு வயதுக்காரிக்கு அது வராது, பத்தடியில் மறந்துவிடுவாள். அவளுக்குக் கரடி நடை. உள்ளங்கையும் பாதமும் தரையில் பதிய, முழங்கால் தரையைத் தொடாமல், இடுப்பைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். எடை நான்காகப் பிரிகிறது, ஒரு காலும் உயரத்திலிருந்து விழுவதில்லை. கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து துணி கிளிப்புகளை ஒவ்வொன்றாகச் சட்டையில் மாட்டி அந்தக் கோடிக் கூடையில் சேர்ப்பது பந்தயம். பத்து நடையில் பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும்.

ஆனாலும் எங்கள் பிள்ளைகளின் தெம்பையெல்லாம் உறிஞ்சி எடுத்தது போர்வை வண்டிதான். பழைய கனத்த போர்வையில் தங்கை உட்கார, அண்ணன் நுனியை இரு கையாலும் பிடித்துப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போவான். வழவழப்பான டைல்ஸ் இங்கே நமக்குத் துணை. பதினைந்து கிலோவை இழுக்கும் கால்கள் தரையைத் தள்ளுமே தவிர அடிக்காது. இழுப்பவர் வெறுங்காலோடு இருக்க வேண்டும், காலுறை போட்டால் வழுக்கிவிடும். திடீரென இழுத்தால் உட்கார்ந்திருப்பவர் மல்லாந்து பின்மண்டை அடிபடும். ஆகவே முதல் இழுப்பு மெதுவாக, இருவரும் "ரெடியா" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். சின்னவள் குப்புறப் படுத்துக்கொள்வது இன்னும் பத்திரம்.

கயிறாட்டம், நொண்டி, பந்து தட்டுவது இவற்றை மாடி வீட்டுக்குள் காப்பாற்ற எனக்கு வழி தெரியவில்லை. அவை சாயங்காலம் கீழே முற்றத்துக்குப் போய்விட்டன. மத்தியானம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை கீழே அவர் தூங்கும் நேரம், அப்போது மலை ஏறியும் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மாவிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "குழந்தைங்க சத்தம் நின்னுபோச்சு. ராத்திரி பத்து மணிக்கு மேல யாரோ குதிகாலை ஊன்றி நடக்குறாங்களே, அது யாரு?" என்றார். அது பிள்ளைகளின் அப்பா. இப்போது அவர் வீட்டுக்குள் மெத்தென்ற ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடக்கிறார்.